க்ரப், கா, அப்புறம் நம்ம ‘ங்க’

2024 ஜூன் 3, திங்கள்

பாங்காக்கில் நடக்கும், ‘தாய்’ என்ற தாய்லாந்து மொழியில் எடுத்த ஒரு துப்பறியும் தொடர் தமிழில் டப் ஆகிறது. வசனம் என் பொறுப்பு. இன்று முதல் பாகத்தைப் படம் பார்க்காமல் காதால் மட்டும் கேட்டேன். வாக்கியத்துக்கு வாக்கியம் காதில் விழுவது இரண்டு ஓசைகள்தான். ஆண் பேசினால் முடிவில் ‘க்ரப்’, பெண் பேசினால் ‘கா’. இரண்டும் மரியாதைக்காகச் சேர்ப்பவை. எதிரில் நிற்பவர் ஆணா பெண்ணா என்பதைப் பற்றி இவற்றுக்குக் கவலையே இல்லை, வாய் யாருடையதோ அதைப் பொறுத்தது. டாக்டரிடம் பேசினாலும் நூடுல்ஸ் கடைக்கார அம்மாவிடம் பேசினாலும் ஆணுக்கு ‘க்ரப்’தான்.

‘கா’ என்று நான் நெடிலாக எழுதுவது வாசிக்க வசதியாக. உண்மையில் அது சட்டென்று வெட்டி நிறுத்தும் குறில். அதிலும் இரண்டு உண்டு. சாதாரண வாக்கியத்தில் குரல் மேலிருந்து கீழே விழும், கேள்வியில் மேலேயே நிற்கும். எழுத்திலும் இரண்டுக்கும் வேறு வேறு எழுத்துக்கூட்டல். அதில் தாய்லாந்துக்காரர்களே அடிக்கடி குழம்புவார்கள், ஒருவரையொருவர் கேலியும் செய்துகொள்வார்கள். எனக்கு அந்தக் கவலை இல்லை. கேள்வியைத் தமிழில் ‘வரீங்களா’வின் ‘ஆ’ பார்த்துக்கொள்ளும்.

கவலை வேறு இடத்தில். தமிழில் கணக்கு நேர் எதிர். ‘வாடா’ என்றாலும் ‘வாடி’ என்றாலும் தெரிவது கேட்பவர் யார் என்பது. பேசுகிறவர் தன்னைப் பற்றிச் சொல்லும் ‘வந்தேன்’ யார் வாயிலும் ‘வந்தேன்’தான். ஹிந்திக்கு எழுதுகிறவருக்கு இந்தச் சிக்கல் பாதிதான், ‘போகிறேன்’ என்ற ஒரு சொல்லிலேயே அங்கே பால் தெரிந்துவிடும்.

டப்பிங் என்பதால் பெரும்பாலும் தப்பித்தேன். பேசுவது பெண் என்பதைப் பெண்குரலே சொல்லிவிடும். எனவே ‘க்ரப்’பிலும் ‘கா’விலும் உள்ள பாலை விட்டுவிட்டு மரியாதையை மட்டும் கொண்டுவந்தால் போதும். அது போதாத இடங்கள் எவை என்று குறித்துக்கொண்டு வருகிறேன்.

ஜூன் 5, புதன்

மரியாதைக்குத் தமிழில் கைவசம் இருப்பது ‘ங்க’. சரிங்க, ஆமாங்க, இல்லீங்க என்று எந்தச் சொல்லின் வாலிலும் ஒட்டிக்கொள்ளும். தாய் மொழியின் ஒட்டுகளான ‘க்ரப்’, ‘கா’வுக்கு இது நெருக்கமான உறவுக்காரர். ஆனால் அவர்கள் சொல்லும் இடமெல்லாம் நாமும் போட்டால் பாங்காக் போலீஸ்காரர், ஆஸ்பத்திரி நர்ஸ், டாக்ஸி டிரைவர் எல்லாரும் கோயம்புத்தூரில் பிறந்தவர்கள் ஆகிவிடுவார்கள். அந்தப் பேச்சு எனக்குப் பிடிக்கும். ஆனால் ஒரு நகரமே அப்படிப் பேசினால் பார்க்கிறவர் கதையை விட்டுவிட்டு ஊரைத் தேடுவார்.

இன்று ஒரு கணக்குக்கு வந்தேன். ‘நீங்க’ வரும் வாக்கியத்தில் வினைச்சொல்லே மரியாதையைச் சுமக்கிறது. ‘எப்ப வந்தீங்க’, ‘உள்ள வாங்க’ என்றால் போதும், அங்கே தனியாக ஒட்டு வேண்டாம். மரியாதை காணாமல் போவது ‘நான்’, ‘அது’ வரும் வாக்கியங்களில். ‘எனக்குத் தெரியலை’ என்று சாட்சி இன்ஸ்பெக்டரிடம் சொன்னால் எரிச்சல் தொனிக்கிறது. தாயில் அதே வாக்கியம் ‘க்ரப்’போடு பணிவாக இருக்கிறது. அங்கேதான் ‘தெரியலைங்க’. ‘போயிட்டு வரேங்க’, ‘பணம் குடுத்துட்டேங்க’ எல்லாம் இந்த வகை. இப்படிப் பார்த்தால் தாயில் வரும் ஒட்டுகளில் பெரும்பகுதி தானாகவே உதிர்ந்துவிடுகிறது, மீதி நிற்பது உறுத்தவில்லை.

தனியாக வரும் ‘க்ரப்’ வேறு கதை. போனில் பேசும்போது ‘க்ரப்… க்ரப்… க்ரப்’ என்று சொல்லிக்கொண்டே போவார்கள். பாதி நேரம் அதற்கு ‘ஆமாம்’ என்று பொருள் இல்லை, ‘கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன்’ என்பதுதான். அங்கே ‘ம்’, ‘சொல்லுங்க’, ‘சரிங்க’ என்று மாற்றி மாற்றிப் போடுகிறேன்.

ஜூன் 8, சனி

ஸ்டுடியோவில் முதல் நாள். டப்பிங் இன்சார்ஜ் ஆரம்பத்திலேயே நிறுத்தினார்: “லிப் ஒட்டலை சார்.”

காரணம் எளிது. ‘கா’ சொல்லி முடிக்கும்போது வாய் திறந்திருக்கும். ‘ங்க’ அதில் அச்சாகப் பொருந்துகிறது. ‘க்ரப்’ முடியும்போது உதடு மூடிவிடும். கடைசி ‘ப்’ காதில் சரியாக விழாது, உதடு மூடுவது மட்டும் கண்ணுக்குத் தெரியும். சகஜமாகப் பேசுகிறவர்கள் ‘ர’வை விழுங்கி ‘கப்’ என்பார்கள், அதிலும் உதடு மூடித்தான் ஆகும். குளோசப்பில் நடிகரின் வாய் மூடிக் கிடக்க, ‘ங்க’ வெளியே தொங்கிக்கொண்டிருந்தது.

ஆகவே குளோசப்பில் ஆண் பேசினால் ‘ம்’மில் முடியும் சொற்கள். ‘சவாதி க்ரப்’புக்கு ‘வணக்கம்’ வைத்தால் ஒட்டுப்போட்ட தடயமே இல்லை. ‘சவாதி கா’வுக்கு ‘வணக்கங்க’. ‘ஆகட்டும்’, ‘பரவாயில்லை, இருக்கட்டும்’, ‘செஞ்சிடலாம்’ என்று ஆண் வசனங்களின் வாலைத் திருத்தினேன். அதன் விளைவு ஒன்றை எதிர்பார்க்கவில்லை. ஆண்கள் ‘ம்’மிலும் பெண்கள் ‘ங்க’விலும் முடிக்க முடிக்க, தமிழிலும் லேசாக இரண்டு விதமான பேச்சு காதில் விழ ஆரம்பித்தது. தூரத்து ஷாட்டிலும் முதுகு காட்டும் ஷாட்டிலும் இந்தக் கட்டுப்பாடு தேவையில்லை.

ஜூன் 11, செவ்வாய்

நாயகியை ஒரு சக ஊழியர் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார். அவள் திரும்பி ‘கா?’ என்கிறாள். குரல் கொடுக்கும் பெண் சட்டென்று ‘என்னங்க?’ என்றார், அறையில் எல்லாரும் சிரித்துவிட்டோம். தமிழ்ப் பெண் ஒருத்தி ஏறக்குறைய ஒரே வயது ஆணிடம் ‘என்னங்க’ என்றால் அவன் புருஷன். ‘சொல்லுங்க’ என்று மாற்றினோம்.

அடுத்து, சாப்பாட்டு மேஜைக் காட்சி. அம்மா தன் மூன்று வயதுப் பையனிடம் வாக்கியத்துக்கு வாக்கியம் ‘க்ரப்’ சொல்கிறாள். பெண் வாயில் ஏன் ஆண் ஒட்டு என்று இன்சார்ஜ் கேட்டார். அந்த ஊரில் இது சாதாரணம். பையன் என்ன சொல்லிப் பழக வேண்டுமோ அதை அம்மாவே அவனுக்காகச் சொல்லிக் காட்டுகிறாள். இதற்கு நம் வீடுகளிலேயே பதில் இருக்கிறது. நடை பழகும் குழந்தையிடம் ‘வாங்க, உக்காருங்க, ஆ காட்டுங்க’ என்று பேசுவோமே, அதையே வைத்தேன். பால் போய்விட்டது, ஆனால் கற்றுக்கொடுக்கும் கொஞ்சல் அப்படியே நிற்கிறது.

ஒரு பெண் ஒருவனோடு போடும் சண்டைக் காட்சிதான் நேரம் எடுத்தது. தாயில் கோபம் படிப்படியாக வரும். முதலில் ‘கா’ காணாமல் போகும். எதிராளியைக் குறிக்கும் மரியாதையான ‘குன்’ அப்போதும் இருக்கும். அது போய் ‘மூங்’ என்ற கடுஞ்சொல் வருவது கடைசியில். தமிழில் அவசரப்பட்டு ‘நீ’க்குத் தாவினால் நடுப்படி போய்விடும். அதனால் முதல் மூன்று வசனங்களில் ‘ங்க’ ஒட்டை மட்டும் எடுத்தேன்: ‘எனக்குத் தெரியாது’, ‘நான் வரலை’. நேராக அவனைப் பார்த்துப் பேசும் வினைகளில் ‘சொன்னீங்க’, ‘செஞ்சீங்க’ அப்படியே இருந்தது. அவன் கையைப் பிடித்த பிறகுதான் ‘நீ’.

ஜூன் 15, சனி

பயந்துகொண்டிருந்த ஆறாம் பாகம். இங்கே குரல் உதவாது, ஏனென்றால் துப்பு எழுத்தில் இருக்கிறது.

கதை இது. ஹோட்டல் முதலாளிக்குப் பெயரில்லாத மிரட்டல் செய்திகள் போனில் வருகின்றன. எல்லாவற்றிலும் ‘போம்’ என்று ஆண் தன்னைச் சொல்லிக்கொள்ளும் சொல், முடிவில் ‘க்ரப்’. போலீஸ் ஆணைத் தேடுகிறது. கடைசிச் செய்தி அவசரத்தில் எழுதியது, முதலாளியின் மனைவியை இதில் இழுக்க வேண்டாம் என்று கெஞ்சுகிறது. அது ‘கா’வில் முடிகிறது. இன்ஸ்பெக்டர் திரையின் கடைசியில் விரலை வைத்து, ‘எந்த ஆம்பளை கா சொல்லுவான்?’ என்கிறார். எழுதியது முதலாளி மனைவியின் தம்பி பெண்டாட்டி.

தமிழில் வாக்கிய முடிவில் இந்தத் துப்பை வைக்க வழியே இல்லை. எழுதுகிறவர் ஆணா பெண்ணா என்பது நம் மொழியில் எங்கே தெரியும் என்று இரண்டு நாள் யோசித்தேன். உறவுமுறைப் பெயர்களில் தெரியும். சகலை இருந்தால் அவன் ஆண். ஓரகத்தி இருந்தால் அவள் பெண். நாத்தனாரும் பெண்ணுக்கு மட்டும்தான், புருஷனுடன் பிறந்தவள். கதையில் முதலாளியின் மனைவி எழுதியவளுக்கு நாத்தனாரேதான்! தாய்ச் செய்தியில் அவளை வெறுமனே ‘பீ’ என்று குறித்திருக்கிறார்கள். அது அண்ணனுக்கும் அக்காவுக்கும் பொதுவான சொல், எப்படியும் தமிழில் ஏதோ ஒன்றைத் தேர்ந்தெடுத்தே ஆக வேண்டும்.

ஆக முந்தைய செய்தி ஒன்றில் ‘எனக்கும் பொண்டாட்டி பிள்ளை இருக்கு’ என்று ஒரு பொய்யைச் சேர்த்தேன். மூலத்தில் ‘போம்’ சொல்லும் பொய்யைத்தான் இதுவும் சொல்கிறது. கடைசிச் செய்தி: ‘இதுல அவங்களை இழுக்காதீங்க, பாவம் எங்க நாத்தனார்.’ எழுவாயைப் பின்னால் தள்ளியதால் இன்ஸ்பெக்டரின் விரல் சரியாக அந்தச் சொல்லின் மேல் நிற்கிறது. ‘எங்க’ கட்டாயம் வேண்டும். ‘உங்க நாத்தனார்’ என்று ஆணும் ஒரு பெண்ணிடம் சொல்லலாம். இன்ஸ்பெக்டர் வசனம்: ‘ஆம்பளைக்கு ஏது நாத்தனார்?’

ஒரு பலவீனமும் இருக்கிறது. மூலத்தில் துப்பு ‘எழுதியது பெண்’ என்பதோடு நின்றுவிடுகிறது. என் தமிழில் அவள் எந்த வீட்டு மருமகள் என்பதும் தெரிந்துவிடுகிறது. அதனால் அடுத்த காட்சியில் இன்ஸ்பெக்டர் வீட்டுப் பெண்களை வரிசையாக விசாரிப்பது கொஞ்சம் மந்தமாகப் படும். இன்சார்ஜிடம் சொன்னேன். அங்கே முதலாளி மனைவிக்குக் கல்யாணமான தம்பிகள் மூன்று பேர் இருப்பதால், மூன்று மருமகள்கள் மேலும் சந்தேகம் விழும் என்று அவரே வழி கண்டுபிடித்தார். அந்தக் காட்சியில் ‘மூணு பேருக்கும் அவங்க நாத்தனார்தானே’ என்று ஒரு வரி மட்டும் சேர்த்தோம்.

ஜூன் 18, செவ்வாய்

ஏழாம் பாகத்தில் அரண்மனைக் கனவு ஒன்று வருகிறது. ராஜகுடும்பத்தாரிடம் பேசும் ஒட்டுகளே வேறு. பெண் ‘பேகா’ என்பாள், ஆண் ‘ப-ய-கா’ என்பான். ஆணின் ஒட்டும் ‘கா’வில் முடிகிறது, வாய் திறந்தே இருக்கிறது. என் ‘ம்’ விதி இங்கே செல்லாது. ‘உத்தரவு’க்கு உதடு குவிகிறது, ‘சித்தம்’ மூடிவிடுகிறது. ‘அப்படியே ஆகட்டுங்க’ பொருந்தினாலும் அரண்மனைக்கு மட்டம். கடைசியில் ‘உத்தரவு ராஜா’ வைத்து ஒரு டேக் எடுத்தோம், ஒட்டியது. அதே ஆள் நனவில் வரும் காட்சிகளில் பழையபடி ‘ம்’.