நாற்பது வயதுக்காரரின் கணக்கு: பெருக்கி முறையில் நான் தவறவிட்ட இடம்

உப்புவெளியில் அக்கா வீட்டு விறாந்தையில் நாங்கள் மூன்று பேர் தீங்கியல் சட்டப் பரீட்சைக்குப் படித்தோம். வீதி விபத்தில் இறந்தவரின் குடும்பத்துக்கு இழப்பீடு கணிக்கும் கேள்விக்கு இந்தியத் தீர்ப்புகளையே எடுத்துக்கொண்டோம். ஏனென்றால் அங்குதான் கணக்கு படிப்படியாக வகுக்கப்பட்டிருக்கிறது. 2009இன் சரளா வர்மா தீர்ப்பு, குடும்பத்தின் ஓராண்டு இழப்பை எத்தனையால் பெருக்குவது என்று வயதுக்கேற்பச் சொல்லும் பெருக்கி அட்டவணையையும் சொந்தச் செலவுக் கழிவையும் தந்தது. 2017இன் பிரணய் சேத்தி தீர்ப்பு எதிர்கால வருமான உயர்வை ஒழுங்குபடுத்தியது. இரண்டையும் சேர்த்துத்தான் கணக்குப் போட வேண்டும்.

நாங்கள் போட்டுப் பழகிய கேள்வி இது. இறந்தவர் 38 வயதான கடைக்காரர். வரி கழித்த மாத வருமானம் 24,000 இந்திய ரூபாய். மனைவி, இரண்டு பிள்ளைகள், 64 வயதுத் தாய் ஆகிய நால்வரும் அவரில் தங்கி வாழ்ந்தவர்கள்.

முதலில் வருமான உயர்வைச் சேர்க்க வேண்டும். சுயதொழில் செய்பவர் 40 வயதுக்குக் கீழ் என்றால் 40 வீதம். 24,000 இப்போது 33,600 ஆகிறது, ஆண்டுக்கு 4,03,200. அடுத்தது, அவர் உயிரோடு இருந்திருந்தால் தனக்காகச் செலவழித்திருக்கக்கூடிய பங்கு. திருமணமானவரில் நான்கு முதல் ஆறு பேர் தங்கி வாழ்ந்தால் அது கால் பங்கு. அதைக் கழித்தால் 3,02,400 மிஞ்சும். குடும்பம் ஆண்டுக்கு உண்மையில் இழந்தது இந்தத் தொகைதான். 36 முதல் 40 வயது வரை பெருக்கி 15. ஆகவே 45,36,000 ரூபாய்.

ஏன் 15 மட்டும்? 60 வயது வரை உழைத்திருந்தால் இன்னும் 22 ஆண்டுகள் இருக்கிறதே என்று நானும் கேட்டேன். 22 ஆண்டுகளில் சிறுகச் சிறுக வரவேண்டிய பணம் இன்றே மொத்தமாகக் கைக்கு வருகிறது. அதை வைப்பிலிட்டால் வட்டி வரும். வட்டியோடு முதலையும் எடுத்துச் செலவழித்து, காலம் முடியும்போது தொகையும் முடிய வேண்டும். நோயோ வேலை இழப்போ இடையில் வந்திருக்கலாம் என்பதும் சேர்ந்துதான் எண் குறைகிறது. இது புரிந்த பிறகு அட்டவணையை மனப்பாடம் செய்வது எனக்குச் சுமையாக இருக்கவில்லை.

நான் சறுக்கியது இன்னொரு பயிற்சிக் கேள்வியில். மற்ற விபரங்கள் எல்லாம் அதே, வயது மட்டும் 40. அட்டவணையில் 36–40 என்று இருப்பதைப் பார்த்து, 38 வயதுக்காரரின் விடையையே எழுதிவிட்டேன். அக்கா தாளை வாங்கிப் பார்த்துவிட்டு, "பெருக்கி சரிதான் தம்பி. 40 வீதம் எங்கேயிருந்து வந்தது?" என்று கேட்டார்.

இரண்டு தீர்ப்புகளும் கோட்டை வெவ்வேறு இடத்தில் போடுகின்றன. பெருக்கிக்கு 40 வயது முந்திய வகுப்பில் இருக்கிறது, எனவே 15. வருமான உயர்வுக்கோ "40க்குக் கீழ்" என்பதுதான் எல்லை. 40 ஆனவர் 40–50 வகுப்புக்குள் வந்துவிடுவதால் சுயதொழிலுக்கு 25 வீதம்தான். திருப்பிப் போட்டால் மாதம் 30,000, ஆண்டுக்கு 3,60,000, கால் பங்கு கழித்து 2,70,000, பெருக்கி 15. விடை 40,50,000. என் விடையில் 4,86,000 ரூபாய் அதிகம். அதன் பிறகு 40, 50 போன்ற வயதுகளைக் கண்டால் இரண்டு இடத்திலும் தனித்தனியாகப் பார்ப்பேன். நீங்களும் பாருங்கள்.

தாயின் வயதான 64ஐ வைத்துப் பெருக்கி 7 என்று எழுதுபவர்களும் உண்டு. அது தவறு. பெருக்கி இறந்தவரின் வயதுக்கே போகும். தாயை எண்ணாமல் விடுவதும் பெரிய பிழைதான். தங்கி வாழ்வோர் மூவரானால் கழிவு மூன்றில் ஒரு பங்காகிவிடும். 38 வயதுக்காரரின் கணக்கில் அதனால் 5,04,000 ரூபாய் குறையும்.

அப்புறம் வழமையான தலைப்புகளின் கீழ் கொடுக்கும் நிலையான தொகைகளையும் கூட்ட வேண்டும். உடைமை இழப்புக்கு 15,000, இறுதிக்கிரியைக்கு 15,000, துணையை இழந்ததற்கு 40,000. மூன்றாண்டுக்கு ஒருமுறை இவற்றை 10 வீதம் உயர்த்தச் சொல்லியிருக்கிறது பிரணய் சேத்தி. இந்தத் தொகைகளைப் பெருக்கியால் பெருக்காதீர்கள், கடைசியில் கூட்டுவது மட்டும்தான்.

ஒன்றை மறக்க வேண்டாம். திருகோணமலை மாவட்ட நீதிமன்றத்தில் இப்படி ஒரு வழக்கு வந்தால் இந்த அட்டவணை கட்டுப்படுத்தாது. இங்கே றோமன்-டச்சுச் சட்டப்படி கவனயீனத்தையும் ஆதரவு இழப்பையும் குடும்பம் நிரூபிக்க வேண்டும். கேள்வி இலங்கைச் சட்டத்தைக் கேட்டால் அந்த வரியிலிருந்தே விடையைத் தொடங்குங்கள்.