ரீஃப் கல்லை அறுத்து, அரைத்து, அலசிப் பார்த்தது

சித்தப்பா வீட்டு அலமாரியில் பல வருடமாகக் கிடந்த கல் இப்போது என்னிடம் இருக்கிறது. அவருடைய அப்பா கோலார் தங்கவயலில் சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். வட ஆற்காடு, சேலம் பக்கத்திலிருந்து அங்கே போன எத்தனையோ குடும்பங்களில் அவர்களுடையதும் ஒன்று. கை அகலத்துக்கு இருக்கும் கல். ஒரு பக்கம் கருப்பு, மறுபக்கம் சாம்பல் கலந்த வெங்கச்சாங்கல், அதாவது குவார்ட்ஸ். உள்ளே தங்கம் இருக்குமா என்பதைவிட, தங்கம் எதற்காக இந்த இடத்தில் வந்து உட்கார்ந்தது என்று பார்க்கத்தான் ஆசை.

கிரானைட் பட்டறையில் தண்ணீர் ஊற்றி அறுக்கும் ரம்பத்தில், கருப்பும் வெள்ளையும் சேரும் கோட்டுக்குக் குறுக்காக அறுத்து வாங்கினேன். குறுக்காக அறுப்பது முக்கியம். கோட்டோடு அறுத்தால் வெறும் வெள்ளைப் பரப்புதான் கிடைக்கும். பிறகு வீட்டில் 120, 400, 1000, 2000 என்று தண்ணீர்த் தாளில் ஈரமாகவே தேய்த்தேன். குவார்ட்ஸ் தூசி நுரையீரலுக்கு ஆகாது. அந்தச் சுரங்கத்தில் சிலிக்கோசிஸ் வந்து படுத்தவர்கள் பலர். அதனால் உலர் தேய்ப்பு என்ற பேச்சே கிடையாது.

பாலிஷ் ஏறியதும் பத்து மடங்கு லென்ஸில் பார்த்தால், வெள்ளைப் பகுதி ஒரே கட்டி இல்லை. மயிரிழை போன்ற கருங்கோடுகள் அதைப் பட்டை பட்டையாகப் பிரிக்கின்றன. எல்லாக் கோடுகளும் கருப்புப் பாறையின் விளிம்புக்கு இணையாக ஓடுகின்றன. சில பட்டை ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை, சில விரல் தடிமன். அந்தக் கருங்கோடு ஒவ்வொன்றும் பக்கத்துப் பாறையிலிருந்து உரிந்து வந்த ஒரு சிம்பு. பாறை பிளந்திருக்கிறது, குவார்ட்ஸ் வளர்ந்து அடைத்திருக்கிறது, அடைத்த இடத்தை ஒட்டியே மறுபடி பிளந்திருக்கிறது. ஒரே தடவையில் நிரம்பிய விரிசலாக இருந்தால் இந்தப் பட்டைகள் வராது.

ஏன் திரும்பத் திரும்பப் பிளக்க வேண்டும்? மலைத்தொடர் உருவாகும்போது பழைய எரிமலைப் பாறைகள் பல கிலோமீட்டர் ஆழத்துக்கு அமுங்கி வேகின்றன. கோலார் பாறைப் பட்டை அப்படி வெந்தது சுமார் 250 கோடி வருடங்களுக்கு முன். 500 டிகிரியை ஒட்டி வெப்பம் ஏறும்போது, கனிமங்களுக்குள் கட்டுண்டிருந்த நீரும் கார்பன் டை ஆக்ஸைடும் கந்தகமும் வெளியே வருகின்றன. உப்பு அதிகமில்லாத சுடுநீர் அது. அதில் தங்கம் தனியாகக் கரையாது. ஹைட்ரஜன் சல்ஃபைடிலிருந்து வரும் கந்தகம் தங்க அணுவை இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டு Au(HS)₂⁻ என்ற வடிவத்தில் சுமந்து வருகிறது. கந்தகத்தின் பிடி விட்டால் தங்கம் விழுந்துவிடும். மீதிக் கதை எல்லாம் அந்தப் பிடி எப்படி விடுகிறது என்பதுதான்.

மேலே வரும் நீர், குவார்ட்ஸ் அடைத்த பிளவுக்கு அடியில் தேங்குகிறது. அழுத்தம் ஏறி ஏறி, மேலிருக்கும் பாறையின் எடைக்கே ஈடாகிறது. அப்போது பிளவு நழுவுகிறது, நிலநடுக்கம். இடைவெளி திறந்ததும் அழுத்தம் சட்டென்று சரிகிறது. குவார்ட்ஸின் மூலப்பொருளான சிலிக்கா கரையும் அளவு குறைந்து குவார்ட்ஸ் படிகிறது. கார்பன் டை ஆக்ஸைடு தனியாகப் பிரியும்போது ஹைட்ரஜன் சல்ஃபைடையும் இழுத்துக்கொண்டு போகிறது. நீரில் கந்தகம் குறைந்தால் தங்கம் தங்க முடியாது. பிளவு அடைபட்டதும் அழுத்தம் மறுபடி ஏறத் தொடங்குகிறது. சிப்சன், ராபர்ட், பூல்சன் என்ற புவியியலாளர்கள் மூவரும் 1988-ல் இதை ஒரு வால்வு திறந்து மூடுவதுபோல விளக்கினார்கள்.

வாயு போனால் கரைந்தது விழும் என்பதைக் கண்ணால் பார்க்க ஒரு சின்னச் சோதனை செய்தேன். வெற்றிலைச் சுண்ணாம்பைத் தண்ணீரில் கலக்கித் தெளியவிட்டு, மேல் நீரில் ஒரு பங்கை மூன்று பங்கு சோடாவில் ஊற்றினேன். ஒரு கணம் பால் நிறம் வந்து உடனே தெளிந்துவிட்டது. அப்புறம் பாட்டிலைத் திறந்தபடி வெந்நீரில் வைத்துக் குலுக்க, குமிழ் போகப் போக மறுபடி கலங்கி, கண்ணாடியில் வெள்ளைப் படலம் ஒட்டியது. இதில் விழுவது கால்சியம் கார்பனேட், போகும் வாயுவும் வேறு, வெப்பமும் அழுத்தமும் பக்கத்தில்கூட வராது. ஆனால் வாயுவின் துணையில் கரைந்திருப்பது, வாயு விலகினால் நிற்காது என்பது மட்டும் தெளிவாகத் தெரிந்தது.

அழுத்தம் குறைவது ஒன்றே வழி என்றும் சொல்ல முடியாது. என் கல்லில் கருப்புப் பக்க விளிம்பை ஒட்டி வெண்கல நிறத்தில் சல்ஃபைடு, அதாவது கந்தகம் சேர்ந்த கனிமப் புள்ளிகள் இருக்கின்றன. விளிம்பைவிட்டு நகர்ந்தால் குறைந்துவிடுகின்றன. கருப்புப் பாறை ஹார்ன்பிளெண்டு நிறைந்தது, அதில் இரும்பு ஏராளம். சுடுநீர் அதைத் தொடும்போது இரும்பு கந்தகத்தைப் பிடுங்கி இரும்பு சல்ஃபைடாகிவிடும், தங்கம் அனாதையாகி அங்கேயே விழும். பாறைக்குள் தங்கம் ஓடும் தாது நரம்பை லோடு என்பார்கள். கோலாரில் இரண்டு வகை லோடும் உண்டு. கிழக்கே சாம்பியன் லோடில் சல்ஃபைடு குறைவு, குவார்ட்ஸில் தங்கம். மேற்கு லோடுகளில் சல்ஃபைடு நிறைய. கிழக்கில் அழுத்தச் சரிவும் மேற்கில் இரும்பும் பெரிய வேலை செய்திருக்கும் என்பது என் எண்ணம்.

சரி, கணக்குக்கு வருவோம். அந்தச் சுடுநீரில் தங்கம் நூறு கோடியில் 10 பங்கு என்று வைத்தால், ஒரு டன் நீரில் 10 மில்லிகிராம். அத்தனையும் விழுந்தாலும் ஒரு கிராமுக்கு 100 டன் நீர் ஓட வேண்டும். கோலாரில் 1880-க்குப் பிறகு 2001-ல் மூடும்வரை எடுத்தது சுமார் 800 டன் தங்கம். அதற்கு 80 கன கிலோமீட்டர் நீர். மேட்டூர் அணை முழுக் கொள்ளளவில் முப்பது தடவை நிரம்பும். ஒரு வெடிப்பில் நடக்கிற காரியமில்லை என்பதற்கு என் கல்லின் பட்டைகளே சாட்சி.

அறுத்ததில் மிஞ்சிய துண்டை, அரைக் கிலோவுக்குக் கிட்டத்தட்ட இருக்கும், ஈரத் துணியில் சுற்றி உடைத்து, இரும்பு உரலில் தண்ணீர் விட்டு இடித்து, மெல்லிய சல்லடையில் சலித்து, தட்டில் அலசினேன். கல்லில் டன்னுக்கு 10 கிராம் தங்கம் என்றால் அரைக் கிலோவில் 5 மில்லிகிராம், ஒரே மணியாகக் கிடைத்தால் முக்கால் மில்லிமீட்டருக்கும் குறைந்த பக்கமுள்ள ஒரு கனசதுரம். கடைசிக் காலத்தில் சுரங்கத்தில் கிடைத்ததோ டன்னுக்கு 3 கிராம் அளவுதான்.

அடியில் நின்றது கருமணல். காந்தம் வைத்தால் பாதி ஒட்டுகிறது. ஆனால் உரலின் இரும்புத்தூளும் ஒட்டும், அதைக் கனிமமாக எண்ணிக்கொள்ளக் கூடாது. மிச்சத்தில் மஞ்சள் மினுக்கம் நிறைய. தட்டைத் திருப்பினால் மினுக்கம் அணைந்து எரிவதெல்லாம் மைக்கா, ஊசியால் அழுத்தினால் இதழ் இதழாகப் பிரியும். தங்கம்போல மின்னும் இரும்பு சல்ஃபைடான பைரைட் ஊசிக்குப் பொடிந்து கருந்தூளாகும். எந்தக் கோணத்திலும் ஒரே மஞ்சளாக இருந்து, ஊசி முனை பட்டால் உடையாமல் குழியும் துகள் இரண்டே இரண்டு கிடைத்தது. அவற்றை வைத்து டன்னுக்கு எவ்வளவு என்று சொல்லக் கூடாது. குவார்ட்ஸில் தங்கம் சீராகப் பரவியிருக்காது. ஒரு துண்டில் எதுவுமே இருக்காது, அடுத்ததில் மொத்தமும் இருக்கும். சுரங்கக்காரர்களே மூட்டை மூட்டையாக மாதிரி எடுத்துத்தான் சராசரி பார்த்தார்கள்.

இரண்டு துகளும் கருங்கோட்டை ஒட்டியிருந்தவையா, வெள்ளைக்கு நடுவிலிருந்தவையா என்பது இடித்ததில் போய்விட்டது. மீதித் துண்டை அதற்காகவே இடிக்காமல் வைத்திருக்கிறேன். கருங்கோடுகளை ஒட்டி மெல்லிய வில்லைகளாக அறுத்து, ஒவ்வொரு பட்டையையும் தனித்தனியாக அலசுவது அடுத்த வேலை.