இரண்டாவது ஊசிக்கு ஏன் ஆறு மாதம்? ஒரு காணொளிப் பாடம் எழுதிய அனுபவம்

தரம் 10 பிள்ளைகளுக்கு, தடுப்பூசி உடலுக்குள் என்ன செய்கிறது என்று சொல்லும் காணொளிக்கு எழுத்துப்படி எழுதக் கேட்டார்கள். எல்லா ஊசிகளையும் தொட்டுப் போக எனக்கு விருப்பமில்லை. எச்.பி.வி. தடுப்பூசியை மட்டும் எடுத்தேன். 2017 முதல் இலங்கையில் தரம் 6 மாணவிகளுக்குப் போடப்படுவது; கருப்பைக் கழுத்துப் புற்றுநோயைத் தடுப்பதற்கானது. பார்ப்பவர்களில் பலர் கையில் வாங்கிய ஊசிதான். ஆறு மாத இடைவெளியில் இரண்டு தடவை போடுவார்கள். ஏன் அந்த இடைவெளி? பாடம் முழுவதும் இந்தக் கேள்வியில்தான் ஓடுகிறது.

வழக்கமான படைவீரர் படத்தைத் தவிர்த்தேன். பயிற்சி கொடுத்தால் எந்த வீரனும் தேறிவிடுவான் என்று பிள்ளைகள் எடுத்துக்கொள்வார்கள். உடலில் நடப்பது தெரிவு. ஊசியில் இருப்பது வைரசின் வெற்றுக்கூடு. உள்ளே மரபணு இல்லை, அதனால் தொற்று வராது. பிறபொருளெதிரிகளை உண்டாக்குபவை பி கலங்கள். அவற்றில் அந்தக் கூட்டோடு ஏற்கெனவே ஓரளவு பொருந்துபவை மட்டும் நிணநீர்க் கணுக்களில் பெருகுகின்றன. பெருகும்போது சிறு சிறு மாற்றங்கள் வரும். இன்னும் இறுக்கமாகப் பிடிப்பவை தங்கும், மற்றவை அழியும். இது மாதக்கணக்கில் நடக்கும்.

நிறுத்தி யோசிக்கும் இடங்களை எங்கே வைப்பது என்பதில்தான் அதிக நேரம் போனது. பதிலைச் சொல்லிவிட்டு நிறுத்தினால், கேட்டதையே திருப்பிச் சொல்வார்கள். அதனால் முதல் நிறுத்தத்தில் ஒரு வரைபடம்: முதல் ஊசிக்குப் பின் பிறபொருளெதிரிகளின் அளவு ஓரிரு வாரங்களில் ஏறுகிறது, பிறகு இறங்குகிறது. ஆறாம் மாதத்தில் ஓர் அம்புக்குறி. அதற்குப் பிறகு வெற்றிடம். 'மீதிக் கோட்டை உன் கொப்பியில் வரை.'

கொட்டாஞ்சேனையில் தெரிந்த பிள்ளைகள் சிலரிடம் இதைக் காட்டிப் பார்த்தேன். முதல் மேட்டைப் போலவே இன்னொரு மேடு வரைந்தார்கள் பலர். ஒருத்தி மட்டும் உயரமாக வரைந்துவிட்டு, யோசித்து அழித்தாள். சரி, நிறுத்தம் வேலை செய்கிறது என்று அப்போதே தெரிந்தது. அதன் பிறகு திரையில் உண்மைக் கோடு வரும்: சீக்கிரம் ஏறும், முன்னதைவிட உயரமாகப் போகும். காரணம், அந்தத் தெரிவில் தேறித் தங்கி, அடுத்த தடவைக்காகக் காத்திருந்த நினைவுக் கலங்கள்.

இரண்டாவது நிறுத்தம்: 'அடுத்த மாதமே இரண்டாவதைப் போட்டால்?' பதில், தெரிவு பாதியில் நிற்கும் நேரம் அது. நினைவுக் கலங்கள் இன்னும் முற்றவில்லை. ஐந்து மாதத்துக்குள் போட்டுவிட்டால் மூன்றாவது ஊசி பரிந்துரைக்கப்படுவது இதனால்தான்.

கடைசி நிறுத்தத்தில் ஒரு மாணவி. இரண்டாவது ஊசி நாளில் காய்ச்சலில் படுத்துவிட்டாள், அப்படியே ஒரு வருடம் போய்விட்டது. முதலிலிருந்து தொடங்க வேண்டுமா? வேண்டாம். பிறபொருளெதிரிகள் குறைந்திருக்கலாம், நினைவுக் கலங்கள் இருக்கின்றன. விடுபட்ட ஒன்றைப் போட்டால் போதும். இதற்கு மட்டும் திரையில் முப்பது விநாடி விட்டிருக்கிறேன். மற்றவற்றுக்கு இருபது.