ஒரு மைனஸ் குறியும் என் அரியரும்

முந்தாநாள் ரிசல்ட் வந்தது. சாயில் மெக்கானிக்ஸ் அரியர் ஒருவழியாகத் தொலைந்தது. போன முறை என்னைக் கவிழ்த்தது மண் எந்த ஈரத்தில் குழையும், எந்த ஈரத்தில் கூழாகும் என்று சொல்லும் அட்டர்பெர்க் லிமிட் கணக்கு, அதிலும் ஒரே ஒரு மைனஸ் குறி.

ஒரு களிமண் கூழாக ஓடத் தொடங்கும் ஈரம், அதாவது லிக்விட் லிமிட் 62, பிளாஸ்டிக் லிமிட் 26. கோடையில் தோண்டி எடுத்தபோது ஈரம் 14 சதவீதம். பிளாஸ்டிசிட்டி இண்டெக்ஸ் 62 − 26 = 36. அதுவரை சரி. அப்புறம் லிக்விடிட்டி இண்டெக்ஸ்:

```
LI = (w − PL) / PI = (14 − 26) / 36 = −0.33
```

மைனஸைப் பார்த்ததும் பயந்துபோனேன். தலைகீழாகக் கழித்துவிட்டோமோ என்று அடித்துவிட்டு 0.33 என்று எழுதினேன். கட்டாந்தரையாகக் கிடந்த மண்ணுக்கு 'கையால் குழையும்' என்று விளக்கம் வேறு கொடுத்தேன்.

அரியருக்குப் படிக்கும்போது சூத்திரத்தை மூடி வைத்துவிட்டு லேபுக்குப் போனேன். பிசைந்த மண்ணைக் கண்ணாடித் தட்டில் வைத்து விரலால் திரி உருட்டினேன். முதல் தடவை 3 மி.மீ. தடிமனுக்கு வந்தும் வெடிக்கவில்லை. ஈரம் இன்னும் அதிகம் என்று பொருள். திரும்ப உருண்டையாக்கிப் பிசைந்து உருட்ட வேண்டும். ஒவ்வொரு தடவையும் ஈரம் கொஞ்சம் வற்றும். நாலாவது தடவை சரியாக 3 மி.மீ. வந்ததும் திரி பொடிப்பொடியாக உடைந்தது. அந்த நேரத்து ஈரம்தான் பிளாஸ்டிக் லிமிட். அதற்குக் கீழே மண் குழையாது, உடையும். மைனஸ் சொல்வது அதைத்தான்.

அதே மண்ணில் மழைக்குப் பின் ஈரம் 44 என்று வையுங்கள். LI = 18/36 = 0.5. கட்டை விரல் இறங்கும். PI வெறும் 10 உள்ள மண் கொஞ்சம் தண்ணீரிலேயே குழைநிலையைத் தாண்டிக் கூழாகிவிடும். 36 உள்ளது நிறையக் குடித்தும் குழைவாகவே நிற்கும். இப்படிப்பட்ட மண் பெரும்பாலும் குடிக்கும்போது உப்பும், காயும்போது சுருங்கி வெடிக்கும். கரிசல் காட்டில் கோடையில் கால் நுழையும் வெடிப்பு அப்படி வருவதுதான்.

நான் சுவரில் ஒட்டி வைத்திருந்தது:

- லிக்விட் லிமிட் சோதனை: கேசகிராண்டே கப்பில் மண்ணில் கீறிய பள்ளம் 25 தட்டுக்கு 12 மி.மீ. நீளத்துக்கு மூட வேண்டும். மண் வழிந்து மூட வேண்டும். கப்பில் வழுக்கி மூடினால் அந்த ரீடிங் செல்லாது.
- தட்டு எண்ணிக்கை லாக் அளவில். சாதா கிராஃபில் போட்டு ஒரு மார்க் இழந்தேன்.
- களியையும் வண்டலையும் பிரிக்கும் A-கோடு: 0.73 × (62 − 20) = 30.66. நம் 36 அதற்கு மேலே, LL 50-க்கும் மேலே, எனவே CH, அதாவது அதிகக் குழைவுள்ள களிமண்.
- மாதிரியை ஓவனில் காய வைக்காதீர்கள், LL குறைந்து வரலாம். காற்றில் உலர்த்தி, 425 மைக்ரான் சல்லடை.

LI 1-ஐத் தாண்டினாலும் அடிக்காதீர்கள். இந்த லிமிட்டுகள் பிசைந்த மண்ணுக்கானவை. கலையாத மண் அந்த ஈரத்திலும் நிற்கலாம். நார்வேயின் ரிஸ்ஸாவில் 1978-இல் ஏரிக்கரையில் கொட்டிய மண்ணின் பாரம் தாங்காமல் அப்படி நின்ற களிமண் கலைந்தது. பண்ணை வீடுகளோடு கூழாய் ஓடியது.