ஜின்னின் சாட்சியம்

திருவாரூர் மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றின் பள்ளிவாசலில் இமாமாக இருந்துகொண்டு, மாணவர்களுக்கு இஸ்லாமிய நம்பிக்கைக் கோட்பாடான அகீதா பாடமும் நடத்தி வருகிறேன். ஜின் உண்டா என்று எங்கள் மஹல்லாவில் யாரும் கேட்பதில்லை. குர்ஆன் சொல்வதால் அதில் எவருக்கும் ஐயமில்லை. ஜின் சொன்னதாக ஒருவர் வந்து சொல்லும்போது அதை என்ன செய்வது என்பதைத்தான் கேட்கிறார்கள்.

குறுவை அறுவடை முடிந்த சமயத்தில் ஒரு குடும்பத்தில் சங்கிலி காணாமற்போனது. ஜின்னை வசப்படுத்தி மறைவானதைச் சொல்வதாகக் கூறிக்கொண்டு அஸ்மா வேலை செய்யும் ஒருவரிடம் அவர்கள் போனார்கள். அவர் சங்கிலி எந்தப் பெட்டியில், எந்தத் துணிக்கு அடியில் இருந்தது என்பதைச் சரியாகச் சொல்லிவிட்டு, வீட்டில் பாத்திரம் தேய்க்க வரும் பெண்தான் எடுத்தாள் என்று தம்மிடமுள்ள ஜின் அறிவித்ததாகக் கூறியிருக்கிறார். "பெட்டியைச் சரியாகச் சொன்னவர் ஆளை மட்டும் தப்பாகவா சொல்லுவார், ஹஜ்ரத்?" என்று அந்த வீட்டுப் பெரியம்மா என்னிடம் கேட்டார். கேள்வி நியாயமானது, அதற்கு மரியாதையான பதில் தேவை.

1142-இல் மறைந்த இமாம் நஸஃபி தம் அகீதா நூலின் தொடக்கத்திலேயே, மனிதனுக்கு அறிவு வரும் வழிகள் மூன்று என்கிறார்: பழுதற்ற புலன்கள், உண்மையான செய்தி, பகுத்தறிவு. வானவர்களான மலக்குகளும் ஜின்களும் நம் புலன்களுக்கு எட்டுவதில்லை. அத்தகைய படைப்பு இருக்கக்கூடும் என்பதுவரை பகுத்தறிவு ஒப்புக்கொள்ளும்; இருக்கிறது என்று அதனால் நிறுவ முடியாது. மீதமிருப்பது செய்தி ஒன்றே. நம்ப வேண்டியதாக அவர் எண்ணும் செய்தியோ இரண்டே வகைதான்: பொய்யில் ஒன்றுகூட முடியாத அளவு பெருந்தொகையினர் அறிவிப்பது, நபியின் வாயிலாக வருவது. ஒருவர் உள்ளத்தில் தோன்றும் உதிப்பைக்கூடப் பிறரைக் கட்டுப்படுத்தும் அறிவாக அவர் ஏற்கவில்லை. மலக்குகள் ஒளியாலும் ஜின்கள் நெருப்புச் சுடராலும் படைக்கப்பட்டதை நாம் அறிவது நபியவர்களின் துணைவியார் ஆயிஷா நாயகி வழியாக முஸ்லிம் என்னும் நபிமொழித் தொகுப்பில் பதிவான ஹதீஸால்தான்.

ஜின்களுக்கு மறைவானது தெரியுமா என்பதற்கு ஸபஃ அத்தியாயத்தின் 14-ஆவது வசனம் ஒரு நிகழ்வையே காட்டுகிறது. சுலைமான் நபி கைத்தடியில் சாய்ந்தபடி மரணமடைந்தார். அவர் உயிரோடிருப்பதாக எண்ணி ஜின்கள் கடும் உழைப்பைத் தொடர்ந்தன. தடியைப் பூச்சி அரித்து அவர் உடல் சாய்ந்த பிறகே உண்மை விளங்கிற்று. மறைவானதை அறிந்திருந்தால் அந்த இழிவான வேதனையில் தங்கியிருக்கமாட்டோம் என்பது அவற்றுக்குத் தெளிவாயிற்று என்று வசனம் முடிகிறது. அவர் ஓராண்டு அப்படியே நின்றார் என்பது விரிவுரையாளர்கள் எடுத்தெழுதும் செய்தி. குர்ஆனில் கால அளவு இல்லை. பாடத்தில் இந்த வேறுபாட்டை நான் அழுத்திச் சொல்வதுண்டு, ஏனெனில் மறைவுலகைப் பற்றிய பேச்சில் வேதத்தின் சொல்லும் விளக்கக் கதையும் வெகு எளிதில் ஒட்டிக்கொள்கின்றன.

ஆனால், சங்கிலி விவகாரத்தில் இந்த வசனம் மட்டும் போதாது. திருட்டு எதிர்காலத்துச் செய்தியன்று, நடந்து முடிந்தது. ஒருவருக்கு மறைவானது, அங்கே இருந்த இன்னொருவருக்கு வெளிப்படையாக இருக்கலாம். ஆகவே ஒரு ஜின் அதைப் பார்த்திருக்க வாய்ப்பே இல்லை என்று நான் பெரியம்மாவிடம் சொல்லவில்லை. நபித்தோழர் அபூஹுரைரா அவர்களின் நிகழ்ச்சியைச் சொன்னேன். ரமலான் ஸகாத்துப் பொருளை அவர் காத்தபோது தானியம் திருட வந்தவன் இரண்டு முறை பொய் சொல்லித் தப்பினான். மூன்றாம் முறை, உறங்குமுன் ஆயத்துல் குர்ஸி என்னும் குர்ஆன் வசனத்தை ஓதினால் பாதுகாப்பு உண்டு என்றான். நபியவர்களிடம் சொன்னபோது, அவன் பொய்யன், ஆயினும் உம்மிடம் உண்மை சொன்னான், அவன் ஷைத்தான் என்றார்கள். அந்த ஓதலின் சிறப்பை நாம் ஏற்பது நபியவர்கள் உறுதி செய்ததால். ஷைத்தான் சொன்னதால் அன்று. உறுதி செய்ய நபி இல்லாத இக்காலத்தில், பொய்யனின் பேச்சிலிருந்து உண்மையை எதைக் கொண்டு பிரிப்பது?

ஹதீஸ் கலையில் யாரென்று அறியப்படாதவரின் அறிவிப்பை ஏற்பதில்லை. மனிதராயின் ஊரையும் ஆசிரியரையும் நினைவாற்றலையும் விசாரிக்கலாம். பெயரும் முகமும் இல்லாத ஜின்னை விசாரிக்க வழியே இல்லை. பெட்டியைச் சரியாகச் சொன்னது ஆளைப் பற்றிய சொல்லுக்குச் சான்றாகாது. ஜின்கள் வானில் ஒட்டுக்கேட்ட ஒரு சொல்லோடு குறிகாரர்கள் நூறு பொய்களைக் கலப்பதாக நபியவர்கள் எச்சரித்ததும் இதைத்தான்: அந்த ஒரு சொல் பலிப்பதாலேயே நூறையும் மக்கள் நம்புகிறார்கள். தவிர, பெட்டியைப் பற்றி வீட்டாரே பேச்சுவாக்கில் அவரிடம் சொல்லியிருக்கவும் கூடும்.

நபியல்லாத ஒருவர் ஜின்னைக் கண்டதாகச் சொன்னால் அவருடைய சாட்சியத்தை ஏற்கமாட்டோம் என்று இமாம் ஷாஃபிஈ கூறியதாக வந்துள்ளது. ஜின்களின் அசல் உருவைக் கண்டதாகச் சொல்பவருக்கே இது பொருந்தும், வேறு உருவில் கண்டேன் என்பவருக்கு அன்று என்று ஹதீஸ் விரிவுரையாளர் இப்னு ஹஜர் அஸ்கலானி வரையறுக்கிறார். அந்த வரையறையை ஏற்றாலும் இங்கே மாற்றமில்லை. திருட்டை மெய்ப்பிக்கச் சாட்சிகளோ ஒப்புதலோ வேண்டும்; இரண்டும் இல்லாதபோது அந்தப் பெண்ணின் மானத்தைக் குலைப்பது யாருக்கும் ஆகுமானதன்று.

பெரியம்மா நெடுநேரம் பேசாமலிருந்து, "அப்போ யார்தான் எடுத்தது?" என்றார். எனக்குத் தெரியாது என்றேன். அவருடைய மகனிடம், வேலைக்கு வர வேண்டாமென்று அந்தப் பெண்ணிடம் சொல்லியனுப்பிய சொல்லை அன்றைக்கே திரும்பப் பெறுமாறும், தெருவில் யார் யாரிடம் அவள் பெயரைச் சொன்னார்களோ அவர்களிடமெல்லாம் போய் அதை மறுக்குமாறும் கேட்டுக்கொண்டேன்.