13 பெட்டிகளும் ஒரு வரியும்

"நான் நம்புதேன் தம்பி. ஆனா நான் நம்புறது இதுல கணக்குல வராதுல்லா?" அண்ணாச்சி அனுப்பிய இந்த இரண்டு வரிதான் இன்னும் உறுத்திக்கொண்டிருக்கிறது. அவர் கடையம் பக்கத்துக்காரர், இப்போது நியூஜெர்சியில் இருக்கிறார். ஒரு ஆன்லைன் கடையின் மென்பொருள் வேலைகளை அவர்தான் பார்த்துக்கொள்கிறார். கடைக்காரர் வேறு ஆள், அமெரிக்கர், அவரிடம் நான் நேரடியாகப் பேசியதே இல்லை. அப்வொர்க் என்ற ஃப்ரீலான்ஸ் தளத்தில் மணிக்கு 18 டாலர் ஒப்பந்தம், நான் வேலை செய்யும் நேரத்தை அதன் டிராக்கர் திரையைப் படமெடுத்துக் கணக்கு வைக்கும். பாளையங்கோட்டையில் என் வீட்டு மாடியறையில் உட்கார்ந்து செய்கிறேன்.

அந்த வாரம் வந்த வேலை இது. கடையின் தினசரி விற்பனை அறிக்கையும் கார்டு நிறுவனம் தரும் கணக்கும் மார்ச் பாதியிலிருந்து ஒத்துப்போகவில்லை. ஜனவரி, பிப்ரவரியில் துல்லியமாக இருந்தது. மாத மொத்தத்தைப் பார்த்தால் பெரிய குறை இல்லை, ஒரு நாளில் குறைவது இன்னொரு நாளில் கூடுகிறது. இந்த மாதிரிக் குறைதான் ஆளைக் கொல்லும், எங்கேயும் பிழைச் செய்தி வராது, எல்லாம் ஓடும், எண் மட்டும் தப்பாக இருக்கும்.

நான் என்ன செய்தேன் என்றால், ஒரு மூன்று நாள் ஆர்டர் பட்டியலைத் திரையில் எடுத்து வைத்துக்கொண்டு, ஒரு நோட்டில் கோடு போட்டு நான்கு பத்தி பிரித்தேன். டேட்டாபேஸில் இருக்கும் யூடிசி என்ற உலகப் பொது நேரம், கடை இருக்கும் ஊரின் நேரம், கார்டுக் கணக்கில் எந்தத் தேதி, நம் அறிக்கையில் எந்தத் தேதி. பேனாவால் எழுதிக்கொண்டே வந்தேன். ஒத்துப்போகாத ஆர்டர் எல்லாமே நள்ளிரவு 12 மணிக்கும் 1 மணிக்கும் நடுவில் விழுந்தவை என்று தெரிந்தபோது விஷயம் முடிந்துவிட்டது. அமெரிக்காவில் மார்ச் இரண்டாம் ஞாயிறு கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளுவார்கள். யூடிசியிலிருந்து 5 மணி பின்னால் இருந்த ஊர் அன்றிலிருந்து 4 மணிதான் பின்னால். எப்போதோ யாரோ எழுதிய நிரலில் அந்த 5 கையால் எழுதப்பட்டிருந்தது. அதனால் நள்ளிரவு 12:20-க்கு விழுந்த ஆர்டரை அறிக்கை முந்தைய நாள் இரவு 11:20 என்று எடுத்துக்கொண்டது. திருத்தம் இவ்வளவுதான்:

```
-- பழையது
CONVERT_TZ(created_at, '+00:00', '-05:00')
-- புதியது
CONVERT_TZ(created_at, 'UTC', 'America/New_York')
```

அதிலும் ஒரு பொறி உண்டு. டேட்டாபேஸ் ஓடும் மைஎஸ்கியூஎல்லில் டைம்சோன் அட்டவணைகள் ஏற்றப்படாமல் இருந்தால் புதிய வரி சத்தமே போடாமல் NULL என்ற வெற்று மதிப்பைக் கொடுக்கும், அறிக்கை காலியாகிவிடும். அதை முதலில் சரிபார்த்துவிட்டுத்தான் மாற்றினேன்.

இனி டிராக்கர் என்ன பார்த்தது என்று சொல்கிறேன். அது நேரத்தைப் பத்துப் பத்து நிமிடப் பெட்டிகளாக வெட்டும். ஒவ்வொரு பெட்டியிலும் ஏதோ ஒரு நொடியில் ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுக்கும், எந்த நொடி என்று நமக்குத் தெரியாது. கீபோர்டை எத்தனை முறை தட்டினோம், மவுஸை எத்தனை முறை சொடுக்கினோம், உருட்டினோம் என்று எண்ணிக்கையாக வைத்துக்கொள்ளும். என்ன எழுத்தைத் தட்டினோம் என்று அல்ல, எத்தனை என்று மட்டும். அதிலிருந்து ஒவ்வொரு பெட்டியின் கீழும் சின்னச் சின்னக் கோடுகள். நோட்டில் எழுதிய அந்த 2 மணி 10 நிமிடத்துக்கு 13 பெட்டிகள். 13 படங்களிலும் ஒரே ஆர்டர் பட்டியல், திரை அணைந்துவிடக் கூடாது என்று அவ்வப்போது மவுஸைத் தொட்டதற்கு ஒன்றோ இரண்டோ கோடு. அதற்குப் பிறகு வந்த நாற்பது நிமிடத்தில், அந்த ஒரு வரியை மாற்றி, சோதித்து, விளக்கம் எழுதிய பெட்டிகளில் கோடுகள் நிரம்பி வழிகின்றன. படத்தைப் பார்க்கிறவனுக்கு முதல் இரண்டு மணி நேரம் நான் டீ குடிக்கப் போனதாகவும் கடைசி நாற்பது நிமிடம்தான் உழைத்ததாகவும் தெரியும். நடந்தது நேர்தலைகீழ்.

ஞாயிற்றுக்கிழமை ராத்திரி அண்ணாச்சியின் செய்தி வந்தது. "தம்பி, வியாழக்கிழமை ரெண்டு மணி நேரம் ஸ்கிரீன் அசையவே இல்லியே, என்ன சங்கதி?" விளக்கினேன். நோட்டுப் பக்கத்தைப் போட்டோ எடுத்து அனுப்பினேன். அதைப் பார்த்துவிட்டுத்தான் மேலே சொன்ன வரிகளை எழுதினார். அப்புறம் ஒரு யோசனை சொன்னார்: "ஓனர் படத்தைத்தான் ஒண்ணொண்ணாத் தள்ளிப் பாப்பாரு. நீங்க அந்தப் பெட்டிகள அழிச்சிட்டு, அதே நேரத்த மேனுவலாப் போட்டுருங்க. படம் இல்லன்னா கேள்வியும் இல்ல. யாரும் கேட்டா நான் பாத்துக்கிடுதேன்."

நல்ல மனதோடுதான் சொன்னார், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் டிராக்கர் எடுத்த பெட்டியை அழித்தால் அந்தப் பத்து நிமிடமும் சம்பளமும் சேர்ந்தே போய்விடும். கையால் சேர்க்கும் நேரத்துக்கு அப்வொர்க்கின் பணப் பாதுகாப்பு கிடையாது. கிளையன்ட் "நான் ஒப்புக்கொள்ளவில்லை" என்று தகராறு போட்டால் காட்டுவதற்கு என்னிடம் எதுவும் இருக்காது. அதே சமயம், இதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும், கோடு குறைந்த பெட்டிகளுக்கும் அந்தப் பாதுகாப்பு கல்லில் செதுக்கியது இல்லை. டிராக்கரில் ஓடியிருக்க வேண்டும், வார வரம்புக்குள் இருக்க வேண்டும், என்ன வேலை என்ற குறிப்பு இருக்க வேண்டும், அதோடு படமும் அசைவும் அந்த வேலைக்குப் பொருந்த வேண்டும். கடைசி நிபந்தனையில் என் 13 பெட்டிகளும் தள்ளாடும். ஆக அவர் சொன்ன வழியில் ஆதாரமே இல்லை, என் வழியில் எனக்கு எதிராகவே பேசக்கூடிய ஆதாரம் இருக்கிறது.

வாரக் கணக்கு யூடிசிப்படி ஞாயிறோடு முடியும், திருத்துவதற்குத் திங்கள் நண்பகல் வரை, அதாவது நமக்கு மாலை 5:30 வரை அவகாசம் உண்டு. திங்கள் முழுக்க இதையே உருட்டிக்கொண்டிருந்தேன். மொத்தம் 39 டாலர். விட்டுவிட்டால்தான் என்ன என்று ஒரு பக்கம் தோன்றியது. அழித்தால் "ஆமாம், அந்த நேரம் நான் வேலை செய்யவில்லை" என்று நானே எழுதிக் கொடுத்த மாதிரி ஆகிவிடும் என்று இன்னொரு பக்கம். கடைசியில் எதையும் அழிக்கவில்லை. 13 பெட்டிகளின் குறிப்பை மட்டும் மாற்றினேன்: "தேதி பொருந்தாத ஆர்டர்களை நேரம் வாரியாக ஒப்பிடுதல், காகிதத்தில்". ஆங்கிலத்தில்தான் எழுதினேன், காகிதம் என்ற சொல்லைப் போடலாமா என்று மட்டும் ரொம்ப நேரம் யோசித்தேன்.

வெள்ளி வரை கிளையன்ட் பார்க்கும் காலம். யாரும் தகராறு போடவில்லை, பணம் வந்தது. கொஞ்ச நாளில் என் வார வரம்பு 40 மணியிலிருந்து 30 ஆனது. அண்ணாச்சியிடம் கேட்டதற்கு, "பட்ஜெட் தம்பி" என்றார். பட்ஜெட்டாகத்தான் இருக்கும். அந்த 13 பெட்டிகளாகவும் இருக்கலாம்.

என் அம்மா முக்கூடலில் பீடி சுற்றியவர். ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி. கடையில் கட்டைப் பிரித்துப் பார்த்து, சரியில்லாததைக் கழித்துப் போடுவார்கள், அதில் அநியாயம் நிறைய நடக்கும், அதற்காக அம்மா சண்டை போட்டிருக்கிறார். ஆனால் அம்மா சுற்றும்போது கை எத்தனை தடவை அசைந்தது என்று யாரும் கேட்கவில்லை. கண்ணெதிரே பீடி இருந்தது. என் விஷயத்தில் பொருளும் இருக்கிறது, சரியான அறிக்கை இருக்கிறது, ஆனால் கூலி பொருளுக்கு இல்லை, நேரத்துக்கு. நேரத்துக்குச் சாட்சி என்று ஏதாவது வேண்டும்தானே? கண்ணால் பார்க்காத ஒருவனுக்கு, ஆயிரக்கணக்கான மைலுக்கு அந்தப்பக்கம் இருந்து, வாராவாரம் பணம் அனுப்புகிறவர் இடத்தில் நான் இருந்தால் படத்தைப் பார்க்காமல் இருப்பேனா? பார்ப்பேன். கோடு இல்லாத இரண்டு மணி நேரத்தை நானும் கேட்பேன். நோட்டுப் போட்டோவைக் காட்டினால், இதை நேற்று ராத்திரி உட்கார்ந்து எழுதியிருக்கலாமே என்றும் நினைப்பேன். அதில் நேர முத்திரை இல்லையே.

மவுஸைத் தானாகச் சொடுக்கும் கருவி விற்கிறார்கள், தெரிந்தவர்கள் சிலரிடம் இருக்கிறது. பெட்டியைத் திறந்து நிமிட வாரியாகப் பார்த்தால் மவுஸ் எண்ணிக்கை சீராக ஓடும், கீபோர்டு பூஜ்யம், படம் மாறாது, கொஞ்சம் கவனிக்கிற கிளையன்ட் பிடித்துவிடுவார். அதை நான் தொட்டதில்லை, அது திருட்டு.

ஆனால் நான் செய்வது மட்டும் என்ன என்ற கேள்வி வருகிறது. அந்தச் சம்பவத்துக்குப் பிறகு நோட்டை மூடி வைத்துவிட்டேன். இப்போது யோசிப்பதை எல்லாம் திரையில் ஒரு பக்கம் நோட்பேடைத் திறந்து தட்டுகிறேன். "இந்த ஆர்டர் ஏன் இங்கே விழுந்தது", "அடுத்து 14-ஆம் தேதியைப் பார்" என்று எனக்கு நானே எழுதிக்கொள்கிறேன். கோடுகள் நிறைகின்றன, படத்தில் வேலை தெரிகிறது, யாரும் எதுவும் கேட்பதில்லை. இது பொய் இல்லை, உண்மையிலேயே அந்த வேலையைத்தான் செய்கிறேன். ஆனால் மெதுவாகிவிட்டது. நோட்டில் அம்புக்குறி போட்டு ஒரே பார்வையில் பார்த்ததைத் திரையில் நாலு வாக்கியமாகத் தட்ட வேண்டியிருக்கிறது. அதே மாதிரி ஒரு குறைக்கு இப்போது மூன்று மணி நேரம் ஆகலாம், 54 டாலர், கேள்வியே இல்லாமல். கிளையன்டுக்கு இது லாபமா என்று கணக்குப் போட்டால் சிரிப்புதான் வருகிறது. கொஞ்சம் எரிச்சலும் வருகிறது, யார் மீது என்று தெரியவில்லை. சாட்சிக்காக வேலையை மாற்றிக்கொண்டேனா, இல்லை எந்த வேலையிலும் கொஞ்சம் சாட்சி சேர்ந்துதான் இருக்குமா, இரண்டையும் ஒரே நாளில் நம்புகிறேன்.

குறை தீர்க்கும் வேலைக்கு மட்டும் மொத்தத் தொகை பேசிவிடலாம் என்று அண்ணாச்சியிடம் கேட்க நினைத்தேன். அதில் டிராக்கரே வேண்டாம். ஆனால் ஒரு குறையைக் கண்டுபிடிக்கும் முன்னால் அதற்கு என்ன விலை சொல்வது? டைம்சோன் குறையைப் பார்க்கும் முன் என்னைக் கேட்டிருந்தால் இரண்டு நாள் வேலை என்று சொல்லியிருப்பேன், இன்னொன்றுக்கு அரை மணி நேரம் என்று சொல்லி ஒரு வாரம் மாட்டியிருக்கிறேன். தேடும் வேலைக்கு மணிக்கணக்குதான் இரு பக்கமும் நியாயம், அதே தேடும் வேலைதான் படத்தில் விழாது. இன்னும் கேட்கவில்லை. அடுத்த முறை அவரே போன் போடும்போது கேட்கலாம் என்று வைத்திருக்கிறேன்.