முன்பதிவுப் புத்தகம் தாமதமானபோது எழுதிய மன்னிப்பு மெயில்

சென்னையில் ஒரு சின்னப் பதிப்பகத்தில் ஆர்டர், பார்சல், வாசகர் மெயில் மூன்றையும் நான்தான் பார்க்கிறேன். முன்வெளியீட்டுத் திட்டத்தில் ஒரு கெட்டி அட்டைப் புத்தகத்துக்குப் பணம் வாங்கியிருந்தோம். டிசம்பர் 15-க்குள் அனுப்புவதாக அறிவிப்பு. அச்சு வேலை நேரத்துக்கு முடிந்துவிட்டது, பைண்டிங்கில்தான் மாட்டிக்கொண்டது. மழைக்காலத்தில் கெட்டி அட்டை வேலை என்றாலே தகராறுதான். பசையின் ஈரம் லேசில் போகாது. நன்றாகக் காய்வதற்குள் புத்தகத்தின் மேல் வைத்த பாரத்தை எடுத்துவிட்டால் அட்டை வளைந்துகொள்ளும். பைண்டர் காட்டிய மாதிரிப் பிரதியை மேசையில் வைத்தபோது மேலட்டை தானாகவே தூக்கிக்கொண்டு நின்றது. இதை இப்படியே அனுப்ப முடியாது என்று அவரே சொல்லிவிட்டார்.

இதோடு நின்றிருந்தால் மெயில் எழுதுவது சுலபம். ஜனவரி பிறந்து, நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. மைதானத்தில் புத்தகக் காட்சி தொடங்கியது. பைண்டரிடமிருந்து முதலில் வந்த கட்டுகளை எங்கள் உரிமையாளர் நேரே ஸ்டாலுக்கு அனுப்பிவிட்டார். காட்சியில் புதுப் புத்தகம் இல்லையென்றால் வருடத்தின் பெரிய விற்பனையே போய்விடும் என்பது அவர் கணக்கு. மறுநாளே மெயில்கள் வர ஆரம்பித்தன. ஒருவர் ஸ்டாலில் புத்தகத்தைப் படம் எடுத்து இணைத்து, "முன்பணம் கட்டியவன் வீட்டில் காத்திருக்கிறேன், நடந்து வந்தவருக்குக் கையில் கொடுக்கிறீர்களா?" என்று கேட்டிருந்தார்.

எங்கள் வாசகர்களுக்குத் தமிழில்தான் மெயில் எழுதுவோம். ஒவ்வொரு சொல்லையும் நிறுத்துப் பார்ப்பவர்கள் அவர்கள். அலுவலகத்தில் முன்பிருந்தே ஒரு மாதிரி மெயில் உண்டு: "தவிர்க்க இயலாத காரணங்களால் தாமதம் ஏற்பட்டுவிட்டது. தங்களுக்கு ஏதேனும் சிரமம் ஏற்பட்டிருந்தால் வருந்துகிறோம். தங்கள் பொறுமைக்கு நன்றி." இதையே அனுப்பிவிடலாம் என்றார் உரிமையாளர். எனக்கு மனம் வரவில்லை. தாமதம் 'ஏற்பட்டது', சிரமம் 'ஏற்பட்டிருந்தால்'. யாரும் எதுவும் செய்யவில்லை, எல்லாம் தானே நடந்துகொண்டது என்பது போல இருக்கிறது. அதிலும் அந்த 'ஏற்பட்டிருந்தால்' மோசம். சிரமப்பட்டேன் என்று எழுதியவரிடமே போய், பட்டீர்களா என்று கேட்பதாகிவிடும். பொறுமைக்கு நன்றி என்பது பொறுத்தவரிடம் சொல்வது. கோபத்தில் இருப்பவருக்கு அது கிண்டலாகப் படும்.

அப்புறம் உட்கார்ந்து இருக்கிற சொற்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தேன். 'வருந்துகிறோம்' என்பதில் வருத்தம் உண்டு, பொறுப்பு கிடையாது. தூர்தர்ஷனில் படம் நின்றுபோனால் வருமே, 'தடங்கலுக்கு வருந்துகிறோம்', அதே தொனி. தொலைக்காட்சிக்காரர் தப்பு செய்தார் என்று அதைப் பார்த்து யாரும் நினைத்ததில்லை. மழைக்கு இந்தச் சொல் சரியாகப் பொருந்தும், ஸ்டாலுக்குப் போன கட்டுகளுக்குப் பொருந்தாது.

'மன்னிக்கவும்' என்பதில் வேறொரு சிக்கல். 'மன்னிக்கவும், இருப்பில் இல்லை', 'மன்னிக்கவும், இன்று விடுமுறை' என்று கேட்டுக் கேட்டு, அதைப் பார்த்ததுமே அடுத்து வருவது 'இல்லை'தான் என்று மனம் முடிவு கட்டிவிடுகிறது. முன்பு ஒரு தாமதத்துக்கு, மெயிலின் தலைப்பிலேயே 'மன்னிக்கவும்' என்று போட்டு அனுப்பியிருந்தோம். ஆர்டரையே ரத்து செய்துவிட்டோம் என்று நினைத்துச் சிலர் மெயிலைத் திறக்காமலே போனில் கூப்பிட்டார்கள். அதனால் இந்த முறை தலைப்பில் அந்தச் சொல்லை வைக்கவில்லை.

'பொறுத்தருள்க' கேட்க அழகாக இருக்கும், ஆனால் அது இன்னும் காத்திருங்கள் என்றும் பொருள்படும். 'க்ஷமிக்கணும்' தாத்தா காலத்துக் கார்டோடு போயிற்று. 'சாரி' போனில் பேசும்போது நன்றாகத்தான் இருக்கிறது. பணம் வாங்கியவர் எழுத்தில் போட்டால் அலட்சியமாகத் தெரியும். மிச்சம் இருந்தது 'மன்னிப்பு'. கோருகிறோமா, கேட்கிறோமா? 'மன்னிப்புக் கோருகிறோம்' பத்திரிகையில் வரும் திருத்த அறிவிப்பு போலிருந்தது. வாசகரோடு வருடக்கணக்கில் மெயிலில் பேசுகிறவர்களுக்கு 'கேட்கிறோம்' போதும்.

'மன்னிப்பு' என்று எழுதினால் எல்லாரும் பணத்தைத் திருப்பிக் கேட்பார்கள் என்று உரிமையாளர் தயங்கினார். கேட்பவர் எந்தச் சொல்லைப் போட்டாலும் கேட்பார் சார், நாமே முந்திச் சொல்லிவிடலாம் என்றேன். அனுப்பும் தேதியில்தான் இன்னும் நேரம் போனது. மிச்சக் கட்டுகள் 12-ஆம் தேதி வரும் என்றார் பைண்டர். நடுவில் பொங்கல், ஆட்கள் ஊருக்குப் போய்விடுவார்கள், திரும்பி வந்துதான் பார்சல் கட்ட வேண்டும். மறுபடி ஒரு தேதி தவறினால் அப்புறம் எந்தச் சொல்லும் எடுபடாது என்பதால் 20 என்று போட்டோம். கடைசியில் போன மெயில் இது:

பொருள்: உங்கள் முன்பதிவுப் பிரதி ஜனவரி 20 அன்று கிளம்புகிறது

வணக்கம். டிசம்பர் 15-க்குள் அனுப்புவதாகச் சொன்ன புத்தகத்தை இன்னும் உங்களுக்கு அனுப்பவில்லை. மழையில் அட்டை காயாததால் பைண்டிங் தாமதமானது. அதற்கு வருந்துகிறோம். ஆனால் தயாரான முதல் பிரதிகளை உங்களுக்கு அனுப்பாமல் புத்தகக் காட்சிக்குக் கொண்டுபோனது நாங்கள் எடுத்த முடிவு. முன்பணம் கட்டிய உங்களுக்குத்தான் அவை முதலில் வந்திருக்க வேண்டும். இதற்காக உங்களிடம் மன்னிப்புக் கேட்கிறோம்.

உங்கள் பிரதி ஜனவரி 20 அன்று ஸ்பீடு போஸ்ட்டில் கிளம்பும். அதற்கு முன்பே வேண்டுமென்றால் இந்த மெயிலை எங்கள் அரங்கில் காட்டிப் பெற்றுக்கொள்ளலாம். புத்தகம் வேண்டாம் என்றால் 'பணம்' என்று மட்டும் பதில் எழுதுங்கள், முழுத் தொகையையும் திருப்பி அனுப்புகிறோம்.

மன்னிப்பு ஒரே இடத்தில், ஒரே முறை. முதல் வரைவில் தொடக்கத்தில் ஒன்று, முடிவில் ஒன்று என்று வைத்திருந்தேன். படித்துப் பார்த்தால் கெஞ்சுவது போல இருந்தது, அனுப்பும் தேதி கண்ணிலேயே படவில்லை.

'பணம்' என்று பதில் எழுதியவர்கள் சிலர்தான். அரங்குக்கே வந்து வாங்கிக்கொண்டவர்கள் அதைவிட அதிகம். படம் அனுப்பியவர், "சரி, 20 வரை பார்க்கிறேன்" என்று ஒரு வரி எழுதினார்.

ஒருவருக்கு மட்டும் இந்த மெயிலை அனுப்பவில்லை. அப்பாவின் சதாபிஷேகத்தில் கொடுப்பதற்காக முன்பதிவு செய்த பெண்மணி அவர். விழா டிசம்பர் கடைசியிலேயே முடிந்துவிட்டது. அவரிடம் மழையைப் பற்றிப் பேசி என்ன பயன்? தனியாக எழுதினேன்: "உங்கள் அப்பாவின் விழாவுக்குப் புத்தகத்தைக் கொண்டுவந்து சேர்க்கவில்லை. அந்த நாளை எங்களால் ஈடுகட்ட முடியாது. மன்னித்துவிடுங்கள், அம்மா. பணத்தை இன்றே அனுப்பிவிட்டோம். அப்பாவுக்குப் புத்தகம் இப்போதும் வேண்டும் என்றால் சொல்லுங்கள், எங்கள் செலவில் அனுப்புகிறோம்." 'மன்னித்துவிடுங்கள்' பேச்சுச் சொல்தான், பொது மெயிலில் போட மாட்டேன். ஒருவருக்கு ஒருவர் எழுதும்போது அதுதான் வாயில் வருகிறது. அவர் அப்பாவின் முகவரியை அனுப்பினார், பணத்தைப் பற்றி ஒன்றும் எழுதவில்லை.

20-ஆம் தேதி பார்சல்கள் கிளம்பியதும் அடுத்த மெயில் போனது. அதில் மறுபடி ஒருமுறை வருத்தம் தெரிவித்துவிடலாமா என்றார் உரிமையாளர். வேண்டாம் என்று, டிராக்கிங் எண்ணையும், அட்டை வளைந்து வந்தால் மாற்றித் தருவோம் என்ற வரியையும் மட்டும் போட்டு அனுப்பினேன்.